பென்ஸோ கேக்குப் பிறகு ‘ஸீயா’வா, ‘ஏ’யா?

இத்தாலியன் படிக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் எல்லோருமே வந்து நிற்கும் இடம் இது. ‘மார்கோ களைப்பாக இருக்கிறான்’ என்பதற்கு ‘மார்கோ ஏ ஸ்தாங்கோ’ என்று முதல் மாதமே கற்றுக்கொள்கிறோம். அப்புறம் ‘மார்கோ களைப்பாக இருக்கிறான் என்று நினைக்கிறேன்’ என்று சொல்லப் போனால், ஆசிரியர் ‘பென்ஸோ கே மார்கோ ஸீயா ஸ்தாங்கோ’ என்று திருத்துகிறார். ‘ஏ’ போய் ‘ஸீயா’ வந்துவிட்டது. சரி என்று மனப்பாடம் செய்துகொண்டு பஸ்ஸில் ஏறினால், பின் சீட்டில் இருக்கும் இத்தாலியப் பையன் போனில் ‘பென்ஸோ கே ஏ ஸ்தாங்கோ’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

யார் சரி? வகுப்பில் இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. போன குளிர்காலத்தில் பொலோஞ்ஞாவில் படிக்கும் ஒரு தங்கை, வீட்டுக்காரம்மாவுக்கு எழுத வேண்டிய மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே கேட்டாள். ‘அக்கா, எல்லா இடத்திலும் ஸீயா போட்டுவிடட்டுமா, இல்லை அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதிவிடட்டுமா?’ இரண்டுமே வேண்டாம் என்றேன். ஏன் என்று அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இத்தாலியச் சொற்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘ஸீயா’ போன்ற உருவத்துக்கு அங்கே கொஞ்சுந்தீவோ என்று பெயர். ‘ஏ’ போன்ற சாதாரண உருவம் இந்திகாதீவோ. ஒரு விஷயம் நடக்கிறது, நடந்தது என்று நேராக வைப்பது இந்திகாதீவோ. அதை ஒருவர் மனதில் இருக்கும் எண்ணமாக, ஆசையாக, சந்தேகமாக வைப்பது கொஞ்சுந்தீவோ. தமிழில் இந்த வேலையை ‘என்று நினைக்கிறேன்’ என்பதே முழுக்கச் செய்துவிடுகிறது. அதற்கு முன்னால் வரும் ‘இருக்கிறான்’ மாறுவதே இல்லை. நமக்கு இது புதிதாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு வினைக்கும் செய்கிறவர் ஒருவர்தானா என்பது. ‘நான் நினைக்கிறேன்’ என்பதிலும், நினைக்கப்படும் செயலிலும் ‘நான்’தான் என்றால், பெரும்பாலும் ஸீயா, ஏ என்ற சண்டையே அங்கே கிடையாது. இதை முதலில் பார்க்காமல் போவதால்தான் நம் ஆட்கள் தேவையில்லாத இடத்தில் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது, யாரிடம், எந்த வழியில் பேசுகிறோம். நண்பனுக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜும் வேலைக்கான விண்ணப்பக் கடிதமும் ஒன்றல்ல.

மூன்றாவது, சொல்லும் விஷயத்தில் நமக்கு எவ்வளவு உறுதி. நான்காவதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை, ஆனால் எனக்கு அது முக்கியம். அந்த வினையின் கொஞ்சுந்தீவோ உருவம் நம் நாக்கில் சரியாக வருமா? தப்பாகச் சொன்ன கொஞ்சுந்தீவோ, சொல்லாமல் விட்டதைவிட மோசமாகக் காதில் விழும். அதைக் கீழே விளக்குகிறேன்.

## செய்கிறவர் ஒருவரே என்றால்: ‘தி’ போதும்

‘நான் பரீட்சையில் பாஸ் ஆவேன் என்று நம்புகிறேன்.’ தமிழில் இது இயல்பான வாக்கியம். இதை அப்படியே மாற்றி ‘ஸ்பேரோ கே இயோ பாஸ்ஸி லெஸாமே’ என்று எழுதுகிறார்கள். கொஞ்சுந்தீவோ உருவம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வாக்கியம் இத்தாலியனாக இருக்காது. ‘ஸ்பேரோ தி பாஸ்ஸாரே லெஸாமே’ என்பதே அவர்கள் சொல்வது. ‘தி’ போட்டு, வினையின் அடிப்படை உருவத்தை அப்படியே வைத்துவிட வேண்டியதுதான். எந்த உருவமாற்றமும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

‘எனக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறேன்’ என்பது ‘பென்ஸோ தி அவேரே லா ஃபெப்ரே’. ‘உங்களைச் சீக்கிரம் பார்ப்பேன் என்று நம்புகிறேன்’ என்பது ‘ஸ்பேரோ தி வெதெர்லா ப்ரெஸ்தோ’. கடிதத்திலும் பேச்சிலும் இது ஒன்றேதான். மரியாதை கூடினாலும் குறைந்தாலும் மாறாது.

இதில் ஒரே ஒரு மறைவான செலவு உண்டு. ‘பென்ஸோ தி’க்குப் பிறகு ஒரு செயல் வந்தால், அது கருத்தாக இல்லாமல் திட்டமாகக் கேட்கும். ‘பென்ஸோ தி பர்தீரே தொமானி’ என்றால், நாளைக்குக் கிளம்பலாம் என்று இருக்கிறேன் என்று பொருள். நாளைக்கு நான் கிளம்பிவிடுவேன் என்று கணிக்கத்தான் வேண்டும் என்றால், எதிர்கால இந்திகாதீவோவைக் கொண்டுவந்து ‘பென்ஸோ கே பர்திரோ தொமானி’ என்கிறார்கள். அது முழுக்கச் சரியான இத்தாலியன்.

மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போது ‘தி’யா ‘கே’யா என்பதே அர்த்தத்தை மாற்றிவிடும். ‘பென்ஸா தி பர்தீரே’ என்றால் அவனே கிளம்புவதாக இருக்கிறான். ‘பென்ஸா கே பர்தா’ என்றால் வேறொருவர் கிளம்புவார் என்று அவன் நினைக்கிறான். தமிழில் ‘கிளம்புவான் என்று நினைக்கிறான்’ என்றால் யார் கிளம்புகிறார் என்று சூழலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியன் அதை அந்தச் சின்னச் சொல்லிலேயே பிரித்துவிடுகிறது.

## வேறொருவர் என்றால்: கொஞ்சுந்தீவோ

இங்கேதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. நினைப்பது நான், களைப்பாக இருப்பது மார்கோ. ‘பென்ஸோ கே’, ஏறக்குறைய அதே பொருளில் வரும் ‘கிரேதோ கே’, எனக்குத் தோன்றுகிறது என்னும் ‘மீ ஸெம்ப்ரா கே’, ‘ஸ்பேரோ கே’ எல்லாவற்றுக்கும் பிறகு கொஞ்சுந்தீவோ போட்டால் எங்கேயும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எழுத்தில், அலுவலகத்தில், பரீட்சையில், வயதில் பெரியவரிடம் இதுதான் எதிர்பார்க்கப்படுவது. 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமை கேட்கிறவர்களில் பலருக்கு பி1 அளவு இத்தாலியன் கட்டாயம். அதற்குத் தயாராகிறவர்கள் பயிற்சித் தாளில் ‘பென்ஸோ கே’ என்று பார்த்ததும் கோடிட்ட இடத்தில் கொஞ்சுந்தீவோவை நிரப்பப் பழகிக்கொள்வது நல்லது. அந்த இடத்தில் ‘பஸ்ஸில் இப்படித்தான் பேசினார்கள்’ என்று வாதாட முடியாது.

‘இல்லை’ சேர்ந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். ‘நொன் பென்ஸோ கே ஸீயா வேரோ’, அது உண்மை என்று நான் நினைக்கவில்லை. இங்கே நாம் அந்த விஷயத்தையே தள்ளிவைக்கிறோம், அதனால் ‘ஏ’ போட்டால் பேச்சிலேயே கொஞ்சம் உறுத்தும்.

கொஞ்சுந்தீவோவுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அது வந்தால் ‘கே’யை விட்டுவிடலாம். ‘பென்ஸோ ஸீயா தார்தி’ (நேரமாகிவிட்டது என்று நினைக்கிறேன்), ‘ஸ்பேரோ தூ ஸ்தீயா பேனே’ (நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்). மெயில்களில் இரண்டாவது வாக்கியத்தைத் தினமும் பார்க்கலாம். ஆனால் ‘பென்ஸோ ஏ தார்தி’ என்று சொல்லவே முடியாது, வாக்கியம் உடைந்துவிடும். ‘ஏ’ வந்தால் ‘கே’ வேண்டும்.

இனி மறைவான செலவுகள். முதலாவது, நிகழ்காலக் கொஞ்சுந்தீவோவில் நான், நீ, அவன் மூவருக்கும் ஒரே உருவம். ‘ஸீயா’ என்றால் நானாகவும் இருக்கலாம், நீயாகவும், அவளாகவும் இருக்கலாம். இத்தாலியனில் பொதுவாக எழுவாயை விட்டுவிடுவார்கள், வினையின் வால் அதைச் சொல்லிவிடும். இங்கே வால் சொல்லாது. அதனால் ‘நீ’ என்று தெளிவாக்க ‘தூ’ போட்டாக வேண்டும். ‘கிரேதே கே தூ ஸீயா ஸ்தாங்கோ’ என்பதில் ‘தூ’வை எடுத்துவிட்டால், நீயா அவனா என்று கேட்பவர் குழம்புவார்.

இரண்டாவது செலவுதான் பெரியது. ‘பார்லாரே’ மாதிரி ‘ஆரே’யில் முடியும் வினைகளுக்குக் கொஞ்சுந்தீவோவில் ‘இ’ வால் வரும். பார்லா என்பது பார்லி ஆகும், அர்ரீவா என்பது அர்ரீவி ஆகும். மற்ற வினைகளுக்கு ‘ஆ’ வால். ப்ரெந்தே என்பது ப்ரெந்தா, பார்தே என்பது பார்தா. ‘ஆ’ இருந்த இடத்தில் ‘இ’, ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஆ’ என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இ’ போட்டுவிட்டால் ‘வாதா’ (போக) என்பது ‘வாதி’ ஆகிவிடும், ‘வெங்கா’ (வர) என்பது ‘வெங்கி’ ஆகிவிடும், ‘ஃபாச்சா’ (செய்ய) என்பது ‘ஃபாச்சி’ ஆகிவிடும். இத்தாலியர்களே சிலர் இப்படித் தடுமாறுவதுண்டு, அதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பதும் அங்கே ரொம்ப காலமாக நடப்பதுதான். ‘பென்ஸோ கே வியெனே’ என்று இந்திகாதீவோவில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘பென்ஸோ கே வெங்கி’ என்றால் பார்ப்பார்கள்.

அதனால் என் மாணவர்களுக்கு நான் சொல்வது, எல்லா வினையையும் ஒரே மூச்சில் படிக்காமல் ஏழு உருவங்களை மட்டும் முதலில் நாக்கில் ஏற்றுங்கள். இருக்க ஸீயா, வைத்திருக்க அப்பியா, செய்ய ஃபாச்சா, போக வாதா, வர வெங்கா, முடிய பொஸ்ஸா, நலமாக இருக்க ஸ்தீயா. அன்றாடம் நினைப்பதும் நம்புவதும் பெரும்பாலும் இந்த ஏழுக்குள்ளேயே அடங்கிவிடும். வேறு வினை வந்து சந்தேகம் தட்டினால் ‘பொஸ்ஸா’வை முன்னால் போட்டு அந்த வினையை அடிப்படை உருவத்திலேயே விட்டுவிடலாம். ‘ஸ்பேரோ கே பொஸ்ஸா ரிஸோல்வெரே’, சரிசெய்ய முடியும் என்று நம்புகிறேன். மரியாதையும் கூடும்.

‘நாம்’ என்று பேசும்போது இந்தக் கவலையே வேண்டாம். நிகழ்காலத்தில் இரண்டு உருவங்களும் ஒன்றேதான். ஸியாமோ, அப்பியாமோ, அந்தியாமோ. எதைப் போட்டோம் என்று கேட்பவருக்கும் தெரியாது.

## வேறொருவர் என்றால்: இந்திகாதீவோ

பஸ்ஸில் பேசிய பையன் தப்புச் செய்யவில்லை. ‘பென்ஸோ கே ஏ’ என்பது பேச்சு இத்தாலியனில் வேரூன்றிய ஒன்று. 1985-இல் மொழியியலாளர் ஃப்ரான்செஸ்கோ ஸபாத்தினி, நாடு முழுக்கப் படித்தவர்களும் சாதாரணமாகப் பேசும் இத்தாலியன் ஒன்று இருக்கிறது என்று அதன் தன்மைகளைப் பட்டியலிட்டார். 1987-இல் இன்னொரு மொழியியலாளர் கயெத்தானோ பெர்ருத்தோ அதற்குப் புதுத் தரமொழி என்கிற பொருளில் பெயர் கொடுத்தார். கொஞ்சுந்தீவோ வர வேண்டிய இடங்களில் இந்திகாதீவோ வருவதும் அவர்கள் கவனித்த தன்மைகளில் ஒன்று. படிக்காதவர்களின் பிழை என்று அவர்கள் அதை ஒதுக்கவில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரகப் பயணத்தைப் பாடும் இன்ஃபெர்னோவில், 13-ஆம் காண்டத்தின் 25-ஆம் வரி இப்படித் தொடங்குகிறது: ‘கிரேத் ஈயோ கெய் கிரெதெத்தே கீயோ கிரெதெஸ்ஸே’. நான் நினைக்கிறதாக அவர் நினைத்தார் என்று நான் நினைக்கிறேன், என்று பொருள். ஒரே வினை மூன்று முறை வருகிறது. ‘நான் நினைக்கிறேன்’ என்பதற்குப் பிறகு வரும் ‘கிரெதெத்தே’ இந்திகாதீவோ. ‘அவர் நினைத்தார்’ என்பதற்குப் பிறகு வரும் ‘கிரெதெஸ்ஸே’ கொஞ்சுந்தீவோ. 700 வருஷத்துக்கு முன்னால், ஒரே வரியில், ஒரே வினைக்குப் பிறகு இரண்டும் வந்திருக்கின்றன. எனக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும். வரியில் ‘அவர்’ என்பது அந்தப் பயணத்தில் தாந்தேக்கு வழிகாட்டியாக வரும் கவிஞர் வெர்ஜில்; அவர் பக்கத்தில் நின்று தாந்தேயின் மனதைப் படிக்கிறார், அதை நடந்ததாகவே தாந்தே வைக்கிறார். ஆனால் வெர்ஜில் நினைத்தது தாந்தேயைப் பற்றிய ஊகம், அது மனதுக்குள்ளேயே நிற்கிறது. தாந்தே இப்படி யோசித்துத்தான் எழுதினாரா என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டு உருவத்துக்கும் உள்ள இடைவெளியை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் வரியை நான் பார்த்ததில்லை.

உறுதி கூடும்போது இந்திகாதீவோ பொருளோடேயே பொருந்தும். இலக்கணம் விளக்குகிறவர்கள் அடிக்கடி எடுக்கும் உதாரணம் கடவுள். ‘கிரேதோ கே தியோ எஸிஸ்தா’ என்பது கடவுள் இருக்கிறார் என்பது என் எண்ணம் என்ற அளவில் நிற்கும். ‘கிரேதோ கே தியோ எஸிஸ்தே’ என்றால் அது விசுவாசம், அதில் கேள்விக்கு இடமில்லை. ‘ஸோ கே’ (எனக்குத் தெரியும்), ‘ஸோனோ ஸிகூரோ கே’ (எனக்கு நிச்சயம்) என்று தொடங்கினால் இந்திகாதீவோதான் இயல்பு.

எதிர்காலமும் அப்படித்தான். ‘பென்ஸோ கே தொமானி வெர்ரா’, நாளைக்கு வருவார் என்று நினைக்கிறேன். ‘வெர்ரா’ இந்திகாதீவோ, ஆனால் இதைக் கடிதத்தில் எழுதினாலும் சரிதான். ‘வெங்கா’ என்றும் சொல்லலாம், ஆனால் அது நிகழ்கால உருவம் என்பதால் ‘நாளைக்கு’ என்ற சொல் எதிர்காலத்தைச் சுமக்க வேண்டும். ‘வெர்ரா’வுக்கு அந்தத் துணை வேண்டாம். ‘பென்ஸோ கே ஸரெப்பே மேல்யோ’ (அதுதான் நல்லது என்று தோன்றுகிறது) என்பதும் அப்படியே நிற்கும், நிபந்தனை தொனிக்கும் தனி உருவமான ‘ஸரெப்பே’யை மாற்றப் பார்க்காதீர்கள்.

இந்தத் தேர்வின் செலவு இடத்தைப் பொறுத்தது. ரோமிலும் தெற்கிலும் ‘பென்ஸோ கே ஏ’ அதிகம் கேட்கும். சிசிலியில் இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. அங்குள்ள வட்டார மொழியில் நிகழ்காலக் கொஞ்சுந்தீவோ ஏறக்குறைய வழக்கிலேயே இல்லை. சிசிலியின் தலைநகரான பலேர்மோவில் ஈழத்திலிருந்து வந்த நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையிடத்தில், சந்தையில், பக்கத்து வீட்டில் காதால் கேட்டே சரளமாகப் பேசக் கற்றவர்களின் வாயில் ‘ஸீயா’ வராததற்கு அவர்களுடைய கவனக்குறைவு காரணமே இல்லை. அவர்கள் காதில் அது விழவே இல்லை. பேச்சில் அவர்களுக்கு எந்தச் சிக்கலும் வராது. பிள்ளையின் பள்ளிக்கு எழுதும்போதோ பரீட்சைத் தாளிலோதான் இடிக்கும்.

‘ஸ்பேரோ’வுக்கும் ‘பென்ஸோ’வுக்கும் இடையே ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கருத்துக்குப் பிறகு இந்திகாதீவோ வந்தால் காது சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது, ஏனென்றால் கருத்து என்பது பாதி தெரிந்த விஷயம். ‘ஸ்பேரோ கே ஸ்தாய் பேனே’ என்று நண்பர்கள் எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் அது கொஞ்சம் கவனமில்லாமல் எழுதியதாகத் தெரியும். நம்பிக்கை என்பது இன்னும் நடக்காத ஒன்றின் மேல் வைப்பது. அங்கே நிகழ்காலத்தில் கொஞ்சுந்தீவோ, இல்லையென்றால் எதிர்காலம், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

## இரண்டையும் தாண்டிப் போகும் வழி

தேர்வே செய்யாமல் கருத்துச் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் புதிதாகப் படிக்கிறவர்கள் குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள். ‘ஸெகோந்தோ மே’ என்று தொடங்குங்கள். என்னைக் கேட்டால், என் பார்வையில், என்று பொருள். ‘ஸெகோந்தோ மே மார்கோ ஏ ஸ்தாங்கோ’. இங்கே இந்திகாதீவோ மட்டுமே சரி. கடிதத்திலும் சரி, பேச்சிலும் சரி. ‘ஃபோர்ஸே’யும் (ஒருவேளை) அப்படித்தான்.

பேச்சுக்கு மட்டும் ‘மீ ஸா கே’ இருக்கிறது. நம் ‘போல இருக்கு’ என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வரும் இத்தாலியச் சொல்லை நான் கேட்டதில்லை. ‘மீ ஸா கே பியோவே’, மழை வரும் போல இருக்கு. இதற்குப் பிறகும் எப்போதும் இந்திகாதீவோ. கடிதத்தில் இதை எழுத வேண்டாம், அது வீட்டுப் பேச்சு.

இங்கே வரும் ஆபத்து எதிர்த்திசையில். கொஞ்சுந்தீவோ கற்ற உற்சாகத்தில் ‘ஸெகோந்தோ மே ஸீயா’ என்றும் ‘ஃபோர்ஸே ஸீயா’ என்றும் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். கருத்து என்ற வாசனை வந்ததுமே கை தானாக ‘ஸீயா’வுக்குப் போகிறது. ஆனால் கொஞ்சுந்தீவோ ‘கே’ என்ற கதவு வழியாகத்தான் இங்கே உள்ளே வருகிறது. ‘கே’யே இல்லாத ‘ஸெகோந்தோ மே’க்குப் பிறகு அதற்கு வேலை இல்லை. ‘பென்ஸோ ஸீயா’வில் ‘கே’ மறைந்திருக்கிறது, விட்டுப்போகவில்லை.

## பார்த்த உடனே எடுக்க

| நிலைமை | முதலில் இதை எடுங்கள் | இதுவும் ஓடும் | வேண்டாம் |
|---|---|---|---|
| செய்கிறவர் நானே | பென்ஸோ தி, ஸ்பேரோ தி | பென்ஸோ கே + எதிர்காலம் | ஸ்பேரோ கே இயோ |
| வேறொருவர், கடிதம் | பென்ஸோ கே ஸீயா | ஸெகோந்தோ மே ஏ | மீ ஸா கே |
| வேறொருவர், நண்பரோடு பேச்சு | மீ ஸா கே ஏ | பென்ஸோ கே ஸீயா, பென்ஸோ கே ஏ | பென்ஸோ ஏ |
| மறுக்கும் கருத்து | நொன் பென்ஸோ கே ஸீயா | ஸெகோந்தோ மே நொன் ஏ | நொன் பென்ஸோ கே ஏ |
| நாளைக்கு நடப்பது | ஸ்பேரோ கே வெங்கா | ஸ்பேரோ கே வெர்ரா | கடிதத்தில் ஸ்பேரோ கே வியெனே |
| நிச்சயம் தெரிந்தது | ஸோ கே ஏ | ஸோனோ ஸிகூரோ கே ஏ | ஸோ கே ஸீயா |

## அந்த மெயில்

பொலோஞ்ஞா தங்கையின் கதைக்கு வருகிறேன். ஜனவரி மாதம். வீட்டில் பாயிலர் வேலை செய்யவில்லை. மெக்கானிக் முந்தின நாள் வருவதாக இருந்தது, வரவில்லை. அவள் எழுதி வைத்திருந்தது நான்கே வாக்கியம்:

‘பென்ஸோ கே லா கல்தாயா ஏ ரோத்தா. பென்ஸாவோ கே இல் தெக்னிகோ வெனீவா இயெரி. ஸ்பேரோ கே வியெனே ஓஜ்ஜி. பென்ஸோ கே இயோ ஸோனோ அ காஸா ஃபீனோ அல்லே ஸேய்.’

பாயிலர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன், மெக்கானிக் நேற்று வருவார் என்று நினைத்தேன், இன்று வருவார் என்று நம்புகிறேன், ஆறு மணி வரை வீட்டில் இருப்பேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்கு எல்லாமே புரிந்திருக்கும். ஆனால் நான்கு வாக்கியத்துக்கும் மருந்து ஒன்றல்ல.

முதல் வாக்கியம் நேரடியானது. செய்கிறவர் வேறு, கடிதம், பாயிலருக்கு என்ன ஆனது என்று அவளுக்கு முழுசாகத் தெரியாது. ‘பென்ஸோ கே லா கல்தாயா ஸீயா ரோத்தா.’ ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவதில்தான் உட்கார்ந்து யோசித்தோம். ‘நினைத்தேன்’ என்று முதன்மை வினை இறந்தகாலத்துக்குப் போய்விட்டால், ‘ஸீயா’, ‘வெங்கா’ போதாது. அவற்றின் இறந்தகால உருவங்களான ‘ஃபோஸ்ஸே’, ‘வெனிஸ்ஸே’ வர வேண்டும். ‘பென்ஸாவோ கே இல் தெக்னிகோ வெனிஸ்ஸே இயெரி’ என்றால் சரி. ஆனால் அவள் சொல்ல வந்தது, நினைத்த நேரத்தில் அது இன்னும் நடக்க வேண்டிய விஷயம் என்பது. அதை இன்னும் தெளிவாக்க ‘ஸரெப்பே வெனூதோ’ என்ற உருவம் இருக்கிறது. ‘பென்ஸாவோ கே இல் தெக்னிகோ ஸரெப்பே வெனூதோ இயெரி.’ வருவார் என்று இருந்தேன், வரவில்லை என்ற ஏமாற்றம் இதில் தானாகவே ஒலிக்கிறது. இதையே எடுத்துக்கொண்டோம். ‘வெனீவா’வைப் பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள், எழுத்தில்தான் அதை மாற்றினோம்.

மூன்றாவதில் அவள் உடனே ‘வெங்கா’ என்று திருத்திவிட்டாள். ‘ஸ்பேரோ கே பொஸ்ஸா வெனீரே ஓஜ்ஜி’ என்றால் என்ன என்று கேட்டேன். இன்று வர முடியும் என்று நம்புகிறேன். வீட்டுக்காரம்மாவை அவசரப்படுத்துவது மாதிரி இல்லாமல், மெக்கானிக்கின் வேலைப்பளுவையும் மதித்தது மாதிரி இருக்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

நான்காவதில் கொஞ்சுந்தீவோவும் வேண்டாம், ‘தி’யும் வேண்டாம். ஆறு மணி வரை வீட்டில் இருப்பாளா மாட்டாளா என்று அவளுக்கே தெரியும். அதில் ‘நினைக்கிறேன்’ எதற்கு? தமிழில் பணிவுக்காகச் சேர்க்கிறோம். இத்தாலியனில் அது மெக்கானிக்கைச் சந்தேகத்தில் விட்டுவிடும், ஆள் இருப்பாளா என்று அவர் யோசிப்பார். ‘ஸரோ அ காஸா ஃபீனோ அல்லே ஸேய்’, ஆறு வரை வீட்டில் இருப்பேன். சுத்தமான இந்திகாதீவோ. என்னைக் கேட்டால் அந்த மெயிலில் மிக முக்கியமான திருத்தம் இதுதான், இதில் இலக்கணப் பிழை என்று ஒன்றும் பெரிதாக இல்லாதபோதும்.

அதே விஷயத்தை அவள் அறைத்தோழிக்கு மெசேஜாக அனுப்பியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். ‘மீ ஸா கே லா கல்தாயா ஏ ரோத்தா. ஸெகோந்தோ மே ஓஜ்ஜி நொன் வியெனே நெஸ்ஸூனோ.’ பாயிலர் போச்சு போல இருக்கு, எனக்கென்னவோ இன்று யாரும் வர மாட்டார்கள். ஒரு கொஞ்சுந்தீவோ கூட இல்லை, ஒரு பிழையும் இல்லை.

மெயில் போன ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவள் அதை எனக்குக் காட்டினாள். வீட்டுக்காரம்மா எழுதியிருந்தார்: ‘மீ ஸா கே இல் தெக்னிகோ ஸி ஏ திமெந்திகாதோ. ஸ்பேரோ வெங்கா தொமானி.’ மெக்கானிக் மறந்துவிட்டார் போல இருக்கு, நாளை வருவார் என்று நம்புகிறேன். கடிதத்தில் எழுத வேண்டாம் என்று நான் சொன்ன ‘மீ ஸா கே’யில் தொடங்கி, அதற்குப் பிறகு இந்திகாதீவோ. அடுத்த வாக்கியத்தில் கொஞ்சுந்தீவோ, அதுவும் ‘கே’யை விட்டுவிட்டு.